அதே ஸ்லைடுகள், இந்த வாரம் என்ன மாறியது?

கேள்வி: “காரைக்குடி பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டைப் புதுப்பித்து விடுதியாக்கும் வேலையில் ஒருங்கிணைப்பு பார்க்கிறேன். வாராவாரம் ஆய்வுக் கூட்டத்துக்கு அதே 11 ஸ்லைடுதான், எண்களை மட்டும் மாற்றுவேன். அதிலிருந்து வார அறிக்கை எழுதி, சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். ‘எல்லாம் சரிம்மா, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன வித்தியாசம்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எப்படி எழுதுவது?”

கட்டுமானத் திட்டமிடலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அதில் பாதி, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில்தான். உங்கள் உரிமையாளர் கேட்பது நியாயமான கேள்வி. ஸ்லைடு ஒரு நாளின் நிலையைச் சொல்கிறது. அவருக்கு வேண்டியது இரண்டு நாட்களுக்கு நடுவில் இருக்கும் தூரம். அந்தத் தூரம் எந்த ஸ்லைடிலும் எழுதியிருக்காது, நீங்கள்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். நடையை எப்படி அமைப்பது என்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில், எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். போன வாரம் அவருக்கு அனுப்பியதோடு ஒப்பிட வேண்டும். போன வாரக் கோப்பை இன்று திறந்தால் தெரிவதோடு அல்ல. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். பல நேரம் ஒன்றாக இருக்காது. ஸ்லைடில் இருக்கும் வரைபடம் ஒரு எக்செல் கோப்போடு இணைக்கப்பட்டிருந்தால், பழைய கோப்பைத் திறக்கும்போது இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் போன வார வரைபடத்தில் இந்த வார எண் வந்து உட்கார்ந்துவிடும். அடிக்குறிப்பில் இருக்கும் தேதியும் அப்படித்தான். பவர்பாயிண்டில் `Header & Footer` பெட்டியில் தேதிக்கு `Update automatically` என்று இருந்தால், ஜனவரி மாத ஸ்லைடைத் திறந்தாலும் இன்றைய தேதியைத்தான் காட்டும். அதை `Fixed` என்று மாற்றி, தேதியைக் கையால் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் கோப்பை ஒரு பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட அந்த பிடிஎஃப் போதும்.

அடுத்தது, ஸ்லைடிலிருந்து நேராக அறிக்கைக்குத் தாவாதீர்கள். நடுவில் ஒரு எக்செல் தாள் வேண்டும். வாராவாரம் திரும்ப வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நெடுவரிசை. சுண்ணாம்புப் பூச்சு மொத்தம் எத்தனை சதுர அடி என்பது ஒரு வரி, முடிந்தது எத்தனை என்பது இன்னொரு வரி, எப்போது முடியும் என்று இப்போது சொல்கிறோம் என்பது மூன்றாவது வரி. 11 ஸ்லைடில் இருந்து இப்படி இருபது, இருபத்தைந்து வரிக்கு மேல் வராது. போன வாரம் D, இந்த வாரம் E என்றால் பக்கத்து நெடுவரிசையில் இது போதும்:

```
=IF(E2=D2,"மாறவில்லை",E2-D2)
```

தேதி வரிகளில் இதே சூத்திரம் எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று காட்டும். அந்தச் செல்லின் வடிவம் `General` என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் கணக்குக்குப் பதில் ஏதோ ஒரு தேதி தெரியும். பவர்பாயிண்டின் `Review` பகுதியில் இருக்கும் `Compare` இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும். எழுத்தில் நடந்த மாற்றம் ஏதாவது கண்ணில் படாமல் போயிருந்தால் பிடிக்க அது உதவும். ஆனால் படமாக ஒட்டிய அட்டவணைக்குள் ஒரு எண் மாறியிருந்தால் அது சொல்லாது. அதனால் எண்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் பார்த்த ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களாக்கி இருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றிலும் பழைய சுண்ணாம்புப் பூச்சு கெட்டுப்போன இடத்தில் மட்டும் புதிதாகப் பூசும் வேலை. மொத்தம் 8,000 சதுர அடி. பிப்ரவரி 21 வெள்ளி மாலை வரை 4,960 சதுர அடி முடிந்திருந்தது, அதாவது 62 சதவீதம். பிப்ரவரி 28 ஸ்லைடில் அதே கட்டத்தில் 58 சதவீதம் என்று இருந்தது. ஒருங்கிணைப்பாளர் அறிக்கையில் “பூச்சு 62-லிருந்து 58 சதவீதமானது” என்று எழுதிவிட்டார். படித்தவருக்கு என்ன தோன்றும்? பூசியதை இடித்துவிட்டார்களா என்றுதான் தோன்றும்.

நடந்தது இதுதான். அந்த வாரம் கொத்தனார்கள் 400 சதுர அடி முடித்திருந்தார்கள், ஆக 5,360. ஆனால் இரண்டாம் கட்டின் வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே பொள்ளலாக இருக்கும் சத்தம் கேட்டது. பழைய பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருந்தது. அதையும் உரித்துப் பூச வேண்டும் என்று 1,200 சதுர அடி கூட்டினார்கள். மொத்தம் 9,200 ஆனது. 5,360-ஐ 9,200-ஆல் வகுத்தால் 58 சதவீதம். பழைய மொத்தத்தின்படி பார்த்தால் 67 சதவீதம். இரண்டு எண்ணும் உண்மைதான். எதையாவது ஒன்றை மட்டும் எழுதினால்தான் பொய்யாகிறது. 58 என்று மட்டும் எழுதினால் வேலை செய்தவர்களுக்கு அநியாயம், 67 என்று மட்டும் எழுதினால் உரிமையாளருக்கு அநியாயம்.

அதனால் ஒரு எண் மாறியிருந்தால், அந்த மாற்றத்தை மூன்றாகப் பிரிப்பது என் பழக்கம். ஒன்று, வேலை நடந்ததால் வந்த மாற்றம். இரண்டு, வேலையின் அளவே கூடியதால் அல்லது குறைந்ததால் வந்தது. மூன்று, போன வாரம் சொன்னது தவறாக இருந்து, அதைத் திருத்தியதால் வந்தது. போன வார எண்ணோடு இந்த மூன்றையும் கூட்டினால் இந்த வார எண் வர வேண்டும். வராவிட்டால் அறிக்கையை அனுப்பாதீர்கள், எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மீதி வேலையை வைத்து இந்தக் கணக்கைப் போடுவது சுலபம். போன வாரம் மீதி 3,040. முடித்தது 400, கூடியது 1,200, திருத்தம் எதுவும் இல்லை. ஆக இந்த வாரம் மீதி 3,840. சரியாக வருகிறது. சதவீதத்தை வைத்துக்கொண்டு இந்தச் சரிபார்ப்பைச் செய்ய முடியாது. அதனால் தாளில் எப்போதும் சதுர அடியையும் எண்ணிக்கையையும் வையுங்கள், சதவீதத்தை அறிக்கையில் மட்டும் காட்டுங்கள்.

மூன்றாவது வகையைப் பற்றி ஒரு வார்த்தை. திருத்தத்தை மறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு முறை செய்தேன். ஓர் அறையை இரண்டு தரம் அளந்து எழுதிவிட்டது தெரியவந்ததும், அடுத்த வார முன்னேற்றத்தில் அந்த அளவைக் குறைத்துக் காட்டிச் சமாளித்தேன். அந்த நிறுவனத்தின் கணக்காளர் நாலு வார அறிக்கையையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்து, கொத்தனார் கூலிக்கும் இதற்கும் ஒத்துவரவில்லையே என்று கேட்டார். அப்புறம் பல மாதம் என் எண் எதையும் அங்கே யாரும் அப்படியே ஏற்கவில்லை. “போன வாரம் 180 சதுர அடி கூடுதலாகச் சொல்லிவிட்டோம், இப்போது திருத்தியிருக்கிறோம்” என்று ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. “முடிந்தது” என்றால் என்ன என்பது ஸ்லைடில் எழுதியிருக்க வேண்டும். செட்டிநாட்டுப் பூச்சு ஒரே நாளில் ஒரே கையாகப் பூசி முடிப்பதல்ல. அடிப் பூச்சு, அது காய்ந்த பின் மேல் பூச்சு, கடைசியில் வழவழப்பாக மெருகேற்றுவது என்று பல கை உண்டு. ஒரு மேற்பார்வையாளர் அடிப் பூச்சு முடிந்ததையே எண்ணுவார், இன்னொருவர் கடைசி மெருகு முடிந்தால்தான் எண்ணுவார். ஒருவர் விடுப்பில் போய் மற்றவர் அளக்கும் வாரத்தில் எண் திடீரென்று குதிக்கும் அல்லது விழும். சுவரில் ஒன்றுமே நடந்திருக்காது. காரணம் இல்லாமல் எண் குதித்தால் முதலில் யார் அளந்தார் என்று கேளுங்கள்.

மாறியதைப் பிடிப்பது பாதி வேலைதான். மாறியிருக்க வேண்டியது மாறாமல் இருப்பதுதான் அதிகமாக ஏமாற்றும். அதே பிப்ரவரி 28 கோப்பில் மைல்ஸ்டோன் ஸ்லைடில் “பூச்சு முடிவு: ஏப்ரல் 15” என்று போன வாரம் இருந்தது அப்படியே இருந்தது. போன வாரம் அந்தத் தேதி சரிதான். மீதி 3,040, வாரத்துக்கு 400 என்றால் ஏழரை வாரத்துக்குச் சற்று மேல், பிப்ரவரி 21-இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 15. இந்த வாரம் மீதி 3,840. அதே வேகத்தில் ஒன்பதரை வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். மே 6 வந்துவிடும். ஒரு ஸ்லைடு மூன்று வாரம் தள்ளிப்போய்விட்டது என்கிறது, அடுத்த ஸ்லைடு ஒன்றுமே ஆகவில்லை என்கிறது. இரண்டையும் நிரப்பியது இரண்டு வேறு ஆட்கள். ஒவ்வொரு ஸ்லைடையும் அதனதன் பழைய வடிவத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது. அதனால் அளவு மாறிய ஒவ்வொரு வரிக்கும், அதன் முடிவுத் தேதி வரி “மாறவில்லை” என்று காட்டினால் அங்கே நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடர் ஸ்லைடு இந்த நோய் அதிகம் பிடிக்கும் இடம். “பழைய தேக்கு கிடைப்பதில் சிரமம்” என்ற வரி டிசம்பரில் எழுதினது பிப்ரவரியிலும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கும். மூன்று வாரம் மாறாத வரியைக் கண்டால், அதற்குப் பொறுப்பானவரிடம் போய் “அண்ணே, இது இன்னும் இருக்கா, அடுத்து என்ன செய்யப் போறீங்க, எந்தத் தேதிக்குள்ளே?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்தத் தேதியை எழுதுங்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டிருந்தால் வரியை எடுத்துவிட்டு, எடுத்ததை அறிக்கையில் சொல்லுங்கள்.

வாராவாரம் ஒப்பிடுவதில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வாரத்தை மட்டும் பார்த்தால் மெதுவாக நகரும் நழுவல் தெரியாது. அந்த வீட்டிலேயே கூரை ஓடு மாற்றும் வேலை இப்படித்தான் ஏமாற்றியது. ஜனவரி 31 அறிக்கையில் மார்ச் 7-இல் முடியும் என்றார்கள். பிப்ரவரி 7-இல் மார்ச் 14 என்றார்கள். அடுத்து மார்ச் 21, அப்புறம் மார்ச் 28, பிப்ரவரி 28-இல் ஏப்ரல் 4. ஒவ்வொரு அறிக்கையிலும் “ஒரு வாரம் தாமதம்” என்று மட்டும் இருந்தது. ஒரு வாரம்தானே என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்து தேதியையும் ஒரே வரியில் வைத்துப் பாருங்கள், எந்த வாரம் கேட்டாலும் இன்னும் ஐந்து வாரம் என்பதுதான் பதிலாக இருந்திருக்கிறது. வேலை முடிவை நோக்கி ஓர் அடி கூட நகரவில்லை. காரணம், ஓடுகளை எடுக்க எடுக்க அடியில் அவற்றைத் தாங்கும் கைமரம் உளுத்துப்போயிருப்பது கூரையின் ஒவ்வொரு பத்தியாகத் தெரியவந்தது. பார்த்த அளவுக்கு மட்டும் தேதியைத் தள்ளினார்கள், இன்னும் பிரிக்காத பத்திகளிலும் இதே கதைதான் இருக்கும் என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படி அறிக்கைத் தேதியை ஒரு பக்கமும் சொன்ன முடிவுத் தேதியை இன்னொரு பக்கமும் வைத்து வரையும் படத்துக்கு மைல்ஸ்டோன் ட்ரெண்ட் சார்ட் என்று பெயர். கோடு படுக்கையாகப் போனால் சொன்ன தேதி நிற்கிறது, மேலே ஏறிக்கொண்டே போனால் நழுவுகிறது. நீங்கள் படம் வரையத் தேவையில்லை, தாளில் தேதி வரியை இடமிருந்து வலமாகப் படித்தாலே தெரியும். முடிவுத் தேதி எழுதும் இடத்தில் எல்லாம் “போன வாரம் சொன்னது” என்பதோடு “நாலு வாரத்துக்கு முன் சொன்னது” என்றும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

செலவு ஸ்லைடைப் பற்றிச் சுருக்கமாக. வேலை எண் வெள்ளி மாலை வரைக்கும், செலவு எண் பெரும்பாலும் போன மாதக் கடைசி வரை பதிந்த பில்லுக்கும் இருக்கும். ஆத்தங்குடியிலிருந்து கல் வந்து இறங்கிவிட்டது, பில் இன்னும் பதியவில்லை என்றால், வேலை கூடி செலவு கூடாதது போலத் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்த நாள் வரைக்குமான கணக்கு என்று எழுதிவிடுங்கள். செலவு மாதத்துக்கு ஒரு முறைதான் நகர்கிறது என்றால் நடு வாரங்களில் “புதிய பதிவு இல்லை, அடுத்தது மார்ச் 5” என்று விட்டுவிடலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறமும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளினால் மஞ்சள், நாலு வாரத்துக்கு மேல் சிவப்பு என்பது போல ஏதாவது ஒரு விதியை ஸ்லைடிலேயே எழுதி வைத்தால்தான் நிற மாற்றத்துக்கு அர்த்தம் இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு அறிக்கை எழுத அரை மணி நேரம் கூட ஆகாது. ஸ்லைடு வரிசையில் எழுதாதீர்கள், மாற்றத்தின் பெரிய அளவிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன வாரத்துக்கு நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

“பிப்ரவரி 28 வெள்ளி மாலை நிலவரம். சுண்ணாம்புப் பூச்சு மே முதல் வாரத்தில் முடியும் என்று இப்போது கணக்கிடுகிறோம். போன வாரம் ஏப்ரல் 15 என்று சொல்லியிருந்தோம். வேலை மெதுவானதால் அல்ல, இந்த வாரமும் 400 சதுர அடி முடிந்தது. இரண்டாம் கட்டின் வடக்குச் சுவரில் 1,200 சதுர அடி பழைய பூச்சு பிரிந்திருப்பது தெரிந்து அதையும் சேர்த்திருக்கிறோம். அதனால் 62 சதவீதம் என்பது 58 என்று தெரிகிறது, பழைய மொத்தத்தின்படி 67. கூரை ஓடு ஏப்ரல் 4. போன வாரம் மார்ச் 28, நாலு வாரத்துக்கு முன் மார்ச் 7. பிரிக்காத பத்திகளின் கைமரங்களையும் வரும் புதனுக்குள் திறந்து பார்த்துவிட்டு உறுதியான தேதி சொல்கிறோம், அதுவரை ஏப்ரல் 4 என்பதை நம்ப வேண்டாம். உங்களிடமிருந்து வேண்டியது ஒன்று: மார்ச் 5-க்குள், பூச்சுக்கு இன்னொரு ஜோடி கொத்தனார் சேர்க்க அனுமதி. மற்ற வரிகளில் போன வாரத்திலிருந்து மாற்றம் இல்லை, அவற்றை இந்த வாரம் சரிபார்த்தோம்.”

கடைசி வாக்கியத்தில் “சரிபார்த்தோம்” என்பதை உண்மையிலேயே சரிபார்த்திருந்தால் மட்டும் எழுதுங்கள். மாற்றம் இல்லை என்பதும் யாரும் பார்க்கவில்லை என்பதும் ஸ்லைடில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதில் எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடா பிடித்து அளந்த சதுர அடி, எண்ணிய ஓடு, போன வாரம் எழுதி அனுப்பிய தேதி, இவை உறுதி. இவற்றின் வித்தியாசமும் உறுதி. கண்ணால் பார்த்துச் சொல்லும் “ஏறக்குறைய 70 சதவீதம்” போன்ற எண்ணில் ஐந்து சதவீதம் கூடியது என்பதற்கு அர்த்தம் கிடையாது, அளவின் தடுமாற்றமே அதற்கு மேல் இருக்கும். அப்படிப்பட்ட வரிகளுக்கு வித்தியாசம் போடாமல் “இன்னும் நடக்கிறது” என்று விடுவது நல்லது. ஒரு வார வேகத்தை வைத்துத் தேதி கணக்கிடுவதும் ஆபத்துதான். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் வரும் வாரத்தில் பாதி ஆள் வரமாட்டார்கள். அந்த வார வேகத்தை அப்படியே நீட்டினால் தேதி கோடை தாண்டிப் போய்விடும். கடைசி நாலு வாரச் சராசரியை எடுங்கள். மேலே 400 என்று நான் எடுத்ததும் அப்படித்தான்.

இன்னொரு ஜோடி கொத்தனார் சேர்த்தால் எவ்வளவு நாள் மிச்சமாகும் என்று அறிக்கையில் எண் போடாததற்கும் காரணம் இருக்கிறது. ஆளை இரட்டிப்பாக்கினால் நாள் பாதியாகாது. ஒரு கை காய்ந்தால்தான் அடுத்த கை பூச முடியும், அந்தக் காயும் நாளை யாராலும் குறைக்க முடியாது. புது ஜோடி ஒரு வாரம் பூசி, அந்தச் சதுர அடி தாளில் ஏறிய பிறகு தேதியைச் சொல்லுங்கள். நான் சொன்ன முறை, அளந்து எண்ணக்கூடிய வேலைகளுக்குப் பொருந்தும். வடிவமைப்பு, அனுமதி வாங்குவது போன்றவற்றில் எண்ண ஒன்றும் இருக்காது. அங்கே “யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து” என்ற இரண்டை மட்டும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறினால் அது அந்த வார மாற்றம். ஆள் மாறாமல் நாள் மட்டும் கூடிக்கொண்டே போனால் அதையும் எழுதலாம்.